120 சாப்பாடு போகிறது, காசு மட்டும் வரவில்லை: ஒரு மாதச் சாப்பாட்டுக் கணக்கின் ஆய்வு

அக்காவின் சமையல்கூடத்தில் மூன்றாவது மாதக் கணக்கை முடித்தபோது கையில் மிஞ்சியது 43 சாப்பாட்டின் விலை. ஒரு நாளைக்கு 120 மதியச் சாப்பாடு, மாதத்தில் 26 நாள். வாடிக்கையாளர் யாரும் விட்டுப் போகவில்லை, யாரும் பாக்கி வைக்கவில்லை, காய்கறி விலையும் ஏறவில்லை. திட்டப்படி 468 சாப்பாட்டின் விலை மிஞ்சியிருக்க வேண்டும். "மிச்சம் எங்கடா போச்சு?" என்று அக்கா கேட்டாள். கணக்கு எழுதுகிறவன் நான்தான் என்பதால் கேள்வி என்மேல் விழுந்தது.

இந்தக் கட்டுரையில் எல்லாக் கணக்கையும் சாப்பாட்டு விலையிலேயே சொல்கிறேன். விலைவாசி எப்படி இருந்தாலும் விகிதம் அப்படியே புரியும்.

அக்கா மூன்று இடங்களுக்குக் கொடுக்கிறாள். ஒரு பெண்கள் விடுதிக்கு 60, ஒரு சின்ன அலுவலகத்துக்கு 22, ஓர் இரும்புப் பட்டறைக்கு 38. ஒரு சாப்பாட்டை 100 பங்காக வைத்துக்கொண்டால் அரிசி, பருப்பு, காய், எண்ணெய் எல்லாம் சேர்த்து 48 பங்கு. ஆள் கூலி, எரிவாயு, வண்டி, டப்பா கழுவுவது, வாடகை எல்லாம் 37 பங்கு. மீதி 15 லாபம். இப்படிப் போட்டுத்தான் விலை வைத்தோம். மாதத்துக்கு 3,120 சாப்பாடு, அதில் நூற்றுக்குப் பதினைந்து 468. தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த 37 பங்கில்தான் முதல் தவறு. காய்கறிச் செலவு சாப்பாட்டு எண்ணிக்கையோடு கூடும், குறையும். கூலியும் வாடகையும் வண்டியும் அப்படி இல்லை. 120 பேருக்குச் சமைத்தாலும் 90 பேருக்குச் சமைத்தாலும் அதே மூன்று பேர் வர வேண்டும், அதே வண்டி போக வேண்டும். ஆகவே அது சாப்பாட்டுக்கு 37 பங்கு என்று சொல்வதைவிட, மாதத்துக்கு 1,154 சாப்பாட்டு விலை என்று சொல்வதுதான் சரி. எண்ணிக்கை குறையும்போது இந்தத் தொகை அசையாமல் நிற்கும். லாபம் மட்டும்தான் கரையும்.

சரி, எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது? பில் போட்டது 2,684. அதாவது 436 சாப்பாடு "வேண்டாம்" என்று கழிந்திருக்கிறது. ஆனால் சமையல்கூடத்து நோட்டில் பார்த்தால் சமைத்தது 3,096. வேண்டாம் என்ற 436-இல் வெறும் 24-க்குத்தான் நாங்கள் அடுப்பில் குறைத்திருக்கிறோம். மீதி 412 சாப்பாடு சமைத்தாகிவிட்டது, காசு வரவில்லை.

காரணம் ஒரே ஒரு வாய்ப் பேச்சு. முதல் நாள் மூன்று இடத்திலும் அக்கா சொன்னது: "சாப்பிடாத நாளுக்குக் காசு வேண்டாம்." கேட்பவருக்கு இனிக்கும் வாக்கியம், போட்டிக்கு ஆள் இருக்கும்போது வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் சாப்பிட மாட்டேன் என்பதை எப்போதைக்குள் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. விடுதியில் வார்டன் ஒரு பதிவேடு வைத்து, யார் எந்த நாள் சாப்பிட்டார்கள் என்று மாதக் கடைசியில் கூட்டிக் கொடுப்பார். நாங்களும் அதன்படியே பில் போட்டோம்.

ஓர் இரவு உட்கார்ந்து அக்காவின் கைப்பேசியில் அந்த மாதம் வந்த செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் வந்த நேரத்தை எழுதினேன். அலுப்பான வேலைதான். ஆனால் விஷயம் முழுக்க அந்த நேரங்களில்தான் இருந்தது. 290 சாப்பாட்டுக்கான "இன்னைக்கு வேண்டாம்" காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவில் வந்திருந்தது. மீதி 122-க்குச் செய்தியே இல்லை. திறக்காத டப்பா திரும்பி வந்தபோதோ, விடுதிப் பாத்திரத்தில் சோறு மிஞ்சி வந்தபோதோதான் தெரிந்திருக்கிறது.

ஏன் எட்டரைக்கு மேல் வருகிறது? அலுவலகக்காரர்கள் வேலைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் "இன்று வெளியே சாப்பிடப் போகிறோமா" என்று முடிவு செய்கிறார்கள். விடுதிப் பெண்கள் எழுந்து கிளம்பும்போதுதான் வார்டனிடம் சொல்கிறார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. எப்போது சொல்ல வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

முதலில் நாங்கள் செய்த தீர்வு தோற்றது. அதையும் சொல்லிவிடுகிறேன். "காலை ஒன்பது மணிக்குள் சொல்லிவிடுங்கள்" என்று மூன்று இடத்துக்கும் அனுப்பினோம். எல்லாரும் சரி என்றார்கள், நிறையப் பேர் ஒன்பதுக்குள் சொல்லவும் செய்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மிச்சச் சோறு அப்படியே இருந்தது. ஒன்பது மணி என்பது அவர்களுக்கு வசதியான நேரம். எங்கள் அரிசி அடுப்பில் ஏறுவதோ எட்டேகாலுக்கு.

அப்புறம்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டோம். எத்தனை மணிக்குள் சொன்னால் எதைத் தவிர்க்க முடியும்? முந்தைய நாள் மாலை ஏழுக்குத்தான் மறுநாள் காய்க்கு ஆள் போகும். அதற்குள் சொன்னால் காயும் வாங்க வேண்டாம், அரிசியும் மிச்சம். ஏழுக்குப் பிறகு காய் வாங்கியாகிவிடும், விடிகாலையில் நறுக்கியாகிவிடும். ஆனால் காலை ஏழுக்குள் சொன்னால் அரிசியையும் பருப்பையும் அளக்காமல் விடலாம். ஏழுக்கு அரிசி களைந்து ஊறப் போட்டால் அதோடு கதவு மூடியது. அதற்குப் பிறகு வரும் எந்தச் செய்தியும் எங்களுக்கு ஒரு கைப்பிடி அரிசியைக்கூட மிச்சப்படுத்தாது.

ஆகவே புது ஏற்பாடு இப்படி ஆனது. முந்தைய நாள் மாலை ஏழுக்குள் சொன்னால் பில்லில் முழுக் கழிவு. அன்று காலை ஏழுக்குள் சொன்னால் பாதிக் கழிவு. அதற்கு மேல் கழிவே கிடையாது, டப்பா வந்து சேரும், யாராவது சாப்பிட்டுக்கொள்ளலாம். இதைத் தாளில் எழுதி மூன்று இடத்திலும் கையெழுத்து வாங்கினோம்.

இடத்துக்கு இடம் பேச்சு வேறு மாதிரிப் போனது. அலுவலகத்தில் சுலபம். முன்பு ஐந்து பேர் தனித்தனியாகச் செய்தி அனுப்புவார்கள். ஒருவர் "நானும் அவரும் இல்லை" என்பார், அந்த "அவர்" தனியாக "நான் இருக்கிறேன்" என்பார். இப்போது வரவேற்பில் இருக்கும் பெண் மட்டும் மாலை ஆறரைக்கு ஒரே ஓர் எண் அனுப்புகிறார். வேறு யாருடைய செய்தியும் கணக்கில் சேராது. பட்டறையில் காசு கொடுப்பவர் முதலாளி, சாப்பிடுபவர்கள் தொழிலாளிகள். அதனால் மேஸ்திரியிடம் நிலையான எண் ஒன்று பேசிக்கொண்டோம். ஆள் வராவிட்டால் அந்த டப்பாவை அங்கேயே யாராவது பகிர்ந்துகொள்கிறார்கள்.

விடுதிதான் கஷ்டம். "பிள்ளைங்க எப்ப ஊருக்குப் போவாங்கன்னு எனக்கே தெரியாதும்மா, நான் எங்க முந்தின நாளே சொல்றது?" என்றார் வார்டன். அவர் சொன்னது நியாயம். 60 பேரையும் தனித்தனியாகப் பார்த்தால் யார் வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் சொல்லலாம். அவருடைய பழைய பதிவேட்டையே புரட்டினோம். சனிக்கிழமை தவிர்த்த நாட்களில் 50-க்குக் கீழே போனது அபூர்வம். சனிக்கிழமை 30-ஐ ஒட்டியே நின்றது. நாங்களோ சனிக்கிழமையும் 60-க்குச் சமைத்துக்கொண்டிருந்தோம்! நான்கு சனிக்கிழமையில் மட்டும் கிட்டத்தட்ட 120 சாப்பாடு அப்படிப் போயிருக்கிறது. இதை முதல் மாதமே பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது என் தவறு.

ஆகவே விடுதிக்குப் பேசி முடித்தது: வார நாளில் குறைந்தது 50, சனிக்கிழமை குறைந்தது 30. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவ்வளவுக்குப் பில். அதற்கு மேல் வேண்டியதை முந்தைய மாலை சொல்ல வேண்டும். இதற்கு ஈடாக அவர்களுக்கு விலையில் நூற்றுக்கு 4 குறைத்தோம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "நஷ்டத்துல இருக்கிறப்ப விலையைக் குறைக்கச் சொல்றியே" என்றாள். ஆனால் வார்டன் உடனே ஒத்துக்கொண்டதற்குக் காரணம் விலைகூட இல்லை, தினமும் பதிவேடு எழுதும் வேலை போனதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முழு மாதத்தில் சமைத்தது 2,822, பில் போட்டது 2,790. நடுவில் உள்ள 32 நாங்களே வேண்டுமென்று வைக்கும் கையிருப்பு, நாளுக்கு ஒன்றோ இரண்டோ. டப்பா கவிழ்ந்தால், எண்ணிக்கை தவறினால் உதவும், இல்லாவிட்டால் வண்டிக்காரர் சாப்பிடுவார். விடுதிக்குக் குறைத்த விலையையும் கழித்து வரவு 2,738 சாப்பாட்டு விலை. மிஞ்சியது 229. முன்பைவிடக் கூடுதலாக வந்த 186-இல் வரவு கூடியதால் வந்தது 54 மட்டும்தான். மற்றது எல்லாம் சமைக்காமல் விட்ட அரிசியும் காயும்.

468 ஏன் வரவில்லை என்றால், அது வரவே வராது. 120-ஐ 26-ஆல் பெருக்கி வரும் எண், எல்லாரும் எல்லா நாளும் சாப்பிட்டால் வரும் எண். அப்படி ஒரு மாதம் எந்த விடுதியிலும் கிடையாது. இப்போது புது இடத்துக்கு விலை சொல்லும்போது, ஒப்புக்கொண்ட குறைந்தபட்ச எண்ணை வைத்துத்தான் நிலையான செலவை வகுக்கிறோம். விலை சற்று ஏறித்தான் தெரியும். அதற்குச் சம்மதிக்காதவர்களை விட்டுவிடுகிறோம்.

இதுவரை சொன்னது காசு. இதில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்த 412 சாப்பாடு எங்கே போனது?

கொஞ்சம் சமையல்கூடத்து ஆட்கள் சாப்பிட்டார்கள், கொஞ்சம் கேட்டவர்களுக்குப் போனது. கொஞ்சம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, மறுநாள் சோற்றில் கலந்தது. அக்காவுக்கும் எனக்கும் அப்போது தெரியாது. சமையல்காரர் வீணாக்க மனமில்லாமல் செய்தது. மிச்சச் சோற்றைப் பெரிய அண்டாவிலேயே மூடி வைத்து, காலையில் புதுச் சோறு வடித்ததும் அதன்மேல் கொட்டிக் கிளறிவிடுவார். சூடு ஏறிவிடும், மணமும் தெரியாது. இரண்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டறையில் ஆறு பேருக்கு, சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி. காய்ச்சல் இல்லை, மறுநாள் எல்லாரும் வேலைக்கு வந்துவிட்டார்கள். அதே நாள் விடுதியிலும் அலுவலகத்திலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சோற்றில் இப்படி ஆவதற்குப் பெயர்போன ஒரு நுண்ணுயிரி உண்டு, பேசில்லஸ் சீரியஸ். அரிசியிலேயே அதன் வித்துகள் இருக்கும், கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி ஒரு நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இதுதான் சமையல்காரர் அறியாத இடம். "நல்லாக் கொதிக்கக் கொதிக்கத்தானே கலந்தேன்" என்றார் அவர். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி, காய்ச்சல் இல்லாமல் ஒரே நாளில் சரியாவது, இதெல்லாம் அந்த நச்சின் போக்கு. பரிசோதனைக்கு அனுப்ப அன்றைய சோறு மிஞ்சவில்லை. ஆனால் திங்கள்கிழமை மிஞ்சிய சோறு பட்டறைக்கான அண்டாவில்தான் விழுந்தது என்று அவரே சொன்னபோது எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

பெரிய அண்டாவில் மூடி வைத்த சோறு ஆறாது, அதுதான் சிக்கல். மேலே தொட்டால் குளிர்ந்திருக்கும். நடுவில் கையை விட்டால் ராத்திரி பத்து மணிக்கும் வெதுவெதுப்பு. 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் கிருமி பெருகாது, 5-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நடுவில் கிடக்கும் நேரம்தான் ஆபத்து. மிச்சத்தை வைத்தே ஆக வேண்டுமென்றால் அகலத் தட்டில் இரண்டு மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, வேகமாக ஆற வைத்து, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். எங்களிடம் அதற்கு இடமில்லை. அதனால் ஒரே விதி வைத்தோம்: மதியம் மூன்றுக்கு மேல் சமையல்கூடத்தில் சோறு இருக்கக் கூடாது. எண்ணிக்கை சரியான பிறகு அந்த விதியைக் காப்பது கஷ்டமாக இல்லை. தினமும் 15 சாப்பாடு மிஞ்சும்போது "கொட்டாதே" என்று ஒருவருக்குத் தோன்றுவதைத் தடுக்க முடியாது. ஒன்றிரண்டு மிஞ்சும்போது அந்த ஆசையே எழாது.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு ஒரு சமையல் வெப்பமானி வாங்கினேன், ஊசி குத்திப் பார்ப்பது. அதில் இன்னொன்றும் தெரிய வந்தது. காலை பத்துக்கு அடைக்கும்போது எல்லாச் சோறும் 82 டிகிரி. விடுதிக்குப் பெரிய சூடுதாங்கிப் பாத்திரத்தில் மொத்தமாகப் போகிறது, அங்கே பரிமாறும்போது 68. பட்டறைக்குத் தனித்தனி எவர்சில்வர் டப்பாவில் போகிறது, ஒன்றரைக்கு அவர்கள் திறக்கும்போது 44. ஒரே அடுப்பு, ஒரே நேரம், ஆனால் சின்ன டப்பா சீக்கிரம் ஆறிவிடுகிறது. அடைத்ததிலிருந்து சாப்பிடும்வரை மூன்றரை மணி நேரம், அதில் பாதிக்கு மேல் 60-க்குக் கீழே. பழைய சோறு கலக்காத நாளிலும் பட்டறைக்காரர்கள் "காய் ஒரு மாதிரி வாடை அடிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் அப்போது புரிந்தது.

தவறு வரிசையில் இருந்தது. பட்டறை டப்பாக்கள் எண்ணிக்கையில் அதிகம், அடைக்க நேரமாகும் என்று அவற்றை முதலில் அடைத்தோம். கடைசியாகச் சாப்பிடுபவருக்கு முதலில் அடைத்தோம் என்று ஆகிறது. இப்போது திருப்பிவிட்டோம். விடுதிச் சோறு எட்டேகாலுக்கு ஏறுகிறது, பத்தரைக்குள் அடைத்து வண்டி கிளம்புகிறது. பட்டறைக்கான அரிசி தனியாகப் பதினொன்றுக்கு ஏறி, பன்னிரண்டுக்கு டப்பாவில் விழுகிறது. விடுதிக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் வண்டி இதை ஏற்றிக்கொள்கிறது. டப்பாக்களை அடுக்கும் பெரிய சூடுதாங்கிப் பெட்டியில் முதலில் பத்து நிமிடம் வெந்நீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிடுகிறோம். இல்லாவிட்டால் பெட்டியே சாப்பாட்டின் சூட்டை உறிஞ்சிவிடும். ஒன்றரைக்குக் குத்திப் பார்த்தால் 61, 62. மயிரிழைதான், ஆனால் நிற்கிறது. பட்டறையில் சாப்பாட்டு மணி தள்ளிப்போனால் மேஸ்திரி கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் தாளில் இருக்கிறது.

சூட்டோடு அடைத்தால் டப்பா வியர்க்கும். மூடியில் தங்கும் நீர் சொட்டி, பொரித்த காய் நசநசத்துவிடும். சிலர் இதற்காகவே ஆறவிட்டு அடைக்கிறார்கள். காயைக் காப்பாற்றச் சோற்றைக் கெடுக்கும் வேலை அது. வடித்த சோற்றைத் தட்டில் கொட்டி இரண்டு மூன்று நிமிடம் ஆவி போகவிட்டாலே பெரும்பகுதி வியர்வை போய்விடும், சோறு 75-க்குக் கீழே இறங்காது. காயைத் தனித் தட்டில், சோற்றோடு ஒட்டாமல் வைக்கிறோம். ஈரமில்லாத பொரியல் வகைகளைப் பட்டறைக்கு வைப்பதையே குறைத்துக்கொண்டோம்.

டப்பாவைப் பற்றிச் சுருக்கமாக. இன்று போனது நாளைதான் திரும்பும், ஆகவே அலுவலகத்துக்கும் பட்டறைக்கும் சேர்த்துத் தனி டப்பாவில் 60 சாப்பாடு என்றால் 120 டப்பா கையில் வேண்டும், உடைசலுக்கும் தொலைவதற்கும் தனியாகக் கொஞ்சம். மூன்று மாதத்தில் 130 டப்பா 101 ஆனது. இடத்துக்கு இத்தனை என்று முன்பணம் வாங்கிய பிறகு தொலைவது நின்றது. மாதச் சாப்பாட்டுக் காசும் இப்போது மாதத் தொடக்கத்தில் பாதி, 15-ஆம் தேதி பாதி. கடனுக்குக் காய் வாங்கி மாதக் கடைசிவரை காத்திருந்த காலத்தில் காய்க்காரர் விலையில் வட்டியைச் சேர்த்துத்தான் கொடுத்தார்.

காலைச் சாப்பாடும் கேட்டார்கள், அலுவலகத்துக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்த்து விட்டுவிட்டோம். மதியத்துக்கு வருகிறவர்கள் யாரென்று காலையில் தெரிந்துவிடும். காலைக்கு வருகிறவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது, தாமதமாக எழுந்தவர் சாப்பிடாமலே ஓடுவார். விடிகாலை மூன்றரைக்கு ஒரு தனி ஆள் வேண்டும், 20 சாப்பாட்டுக்கு அந்தக் கூலி தாங்காது. குறைந்தபட்ச எண் 50-க்கு மேல் கொடுக்கும் இடம் ஒன்று கிடைத்தால் பார்க்கலாம் என்று அக்கா சொல்கிறாள்.

இன்னும் தீராத ஒன்று பட்டறையின் கூடுதல் நேர வேலை. அவசர வேலை வந்தால் காலை பத்துக்குக் கூப்பிட்டு, "இன்னைக்கு ஆறு பேர் கூட, எப்படியாவது பாருங்க" என்கிறார் மேஸ்திரி. பதினொன்றுக்குத்தான் அவர்கள் அரிசி ஏறுகிறது என்பதால் சோறு கொடுக்க முடிகிறது. காய்தான் எல்லாருக்கும் கொஞ்சம் குறைகிறது. கூடுதல் ஆறுக்கு ஒன்றேகால் விலை கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். அக்கா இன்னும் அதை மேஸ்திரியிடம் சொல்லவில்லை.